ஆங்கிலத்தைத் தேடாதீர்கள், அதற்குப் பின்னால் வருவதைத் தேடுங்கள்

ஒரே வரியில் பாதி ஆங்கிலம், பாதி தெரியாத மொழி. அப்படி ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுப் பெயர் தெரியாமல் அலைகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். புரிந்த ஆங்கிலத்தை அப்படியே தேடலில் தட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த வரியிலேயே குறைவாக உதவுவது அந்த ஆங்கிலம்தான்.

போன வாரம் ஒரு நண்பர் இப்படித்தான் வந்தார். எங்கோ ஒலித்த பாட்டு. "பேபி டோன்ட் க்ரை டுநைட்" என்று தொடங்கி, அதே மூச்சில் "ஒடுமி கொச்சிகோ நாமியொன்" என்பது போல ஏதோ வந்ததாம். பாட்டு இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தால், பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷசாம் செயலியைத் திறந்து நீட்டினால் போதும். ராகம் நினைவிருந்தால் கூகுளில் முணுமுணுத்துத் தேடலாம், அந்த வசதி 2020-லிருந்தே இருக்கிறது. நண்பருக்கோ ராகம் வராது, வரிதான் வரும்.

அவர் baby don't cry என்று தேடியிருந்தார். அந்தத் தலைப்பில் ஐஎன்எக்ஸ்எஸ் குழுவின் 1992 பாட்டு இருக்கிறது, டூபாக் பாட்டு இருக்கிறது, ஜப்பானின் நமியே அமுரோ 2007-ல் பாடியதும் இருக்கிறது. பேபி, டுநைட், டோன்ட் க்ரை எல்லாம் உலகத்துப் பாப் பாடல்கள் எல்லாமே எடுத்துக்கொள்ளும் பொதுச்சொத்து. அதை வைத்து ஒரு பாட்டைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது.

சரி, மீதி வாலைப் பார்ப்போம். என்ன மொழி என்று கண்டுபிடிக்க அர்த்தம் தெரிய வேண்டியதில்லை, வரி எப்படி முடிகிறது என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது. கொரியனும் ஜப்பானியமும் நம்மைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள். அதனால் ஆங்கிலம் முன்னால் ஒட்டிக்கொண்டாலும் மொழியின் அடையாளம் வரியின் கடைசியில் தங்கிவிடும். "மியொன்" என்று முடிந்தால் எனக்கு முதல் சந்தேகம் கொரியன். நம் "வந்தால், போனால்" என்பதில் வரும் "ஆல்" செய்கிற வேலையை அங்கே அது செய்கிறது. "மாசு", "தெஸு", நடுவில் அடிக்கடி "நோ" என்று கேட்டிருந்தால் ஜப்பானியப் பக்கம் போயிருப்பேன்.

அடுத்த சிக்கல் எழுத்துக்கூட்டல், பலரும் கைவிடுவது இங்கேதான். நண்பர் odumi kochigo என்று தட்டினார், உருப்படியாக ஒன்றும் வரவில்லை. அவர் காதில் ஒரு குறையும் இல்லை. நமக்கு "ஒ" என்று கேட்கும் கொரிய உயிரொலியை ஆங்கில எழுத்தில் eo என்று எழுதுவார்கள். அடுத்த சொல் இன்னும் மோசம்: 걷히고 என்று எழுதி "கொச்சிகோ" போலப் படிப்பார்கள். வரிகளை ஆங்கில எழுத்தில் பெயர்த்துப் போடுகிறவர்களில் ஒருவர் எழுத்தைப் பார்த்து geodhigo என்பார், இன்னொருவர் ஒலியைக் கேட்டு geochigo என்பார். அதனால் மெய்யெழுத்துகள் மோதி ஒலி மாறும் சொல்லை விட்டுவிட்டு, எளிதான ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே அது முதல் சொல்லான "ஒடுமி": ஆங்கில எழுத்தில் eodumi, கொரிய எழுத்தில் 어둠이. ஆங்கிலத்தோடு சேர்த்து, மேற்கோள்குறி இல்லாமல் இப்படி:

```
baby don't cry tonight eodumi lyrics
baby don't cry tonight 어둠이
```

மேற்கோள்குறி வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. கொரிய வரிகளில் சில சமயம் ஆங்கிலச் சொல்லையே அவர்கள் எழுத்தில் எழுதிவிடுவார்கள். பேபி என்பது 베이비 ஆகிவிடும். ஜப்பானிய வரிகளிலும் இதே கதைதான், அங்கே ベイビー. உங்கள் மேற்கோள்குறி அந்தப் பக்கங்களை எல்லாம் வெளியே தள்ளிவிடும்.

பாட்டு கிடைத்தது. தென் கொரியாவின் எக்ஸோ குழு பாடிய "பேபி டோன்ட் க்ரை", 2013-ல் வந்த எக்ஸ்ஓஎக்ஸ்ஓ தொகுப்பில் உள்ளது. தலைப்பு முழுக்க ஆங்கிலமாக இருந்தும் ஆங்கிலத்தால் அகப்படவில்லை என்பதுதான் எனக்கு வேடிக்கை.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. அந்தத் தொகுப்பு கொரியனில் ஒன்று, சீனத்தில் ஒன்று என இரண்டாக வந்தது. இந்தப் பாட்டும் இரண்டு மொழியிலும் உண்டு. இசை அதேதான், ஆங்கிலத் தலைப்பும் அதேதான். நண்பர் முதலில் திறந்தது சீனப் பதிப்பு. "ராகம் அதுதான், ஆனா பாட்டு இது இல்லப்பா" என்று போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். ராகம் வராது என்றவருக்கு ராகம் தெரிந்துவிட்டது, அது வேறு விஷயம். கொரியப் பதிப்பைப் போட்டு "டுநைட்" முடிந்ததும் "ஒடுமி" வருகிறதா என்று கேட்கச் சொன்னேன். வந்தது.