புது லோகோ அறிவிக்கிறீர்களா? மாறாததை முதலில் சொல்லுங்கள்

புது லோகோ வெளியிடுகிற கடைகளின் பதிவுகளைப் பாருங்கள். பச்சை நிறம் இயற்கையாம், வட்டம் நம்பிக்கையாம், மேலே ஏறும் கோடு வளர்ச்சியாம். டிசைனருக்குக் காசு கொடுத்தவருக்கு இது முக்கியம்தான். வாங்குகிறவர் கேட்பதே வேறு. கீழே கருத்துகளைப் படித்தால் புரியும்: "கடையை வித்துட்டீங்களா?", "விலை ஏறுமா?", "பழைய நம்பர்லயே ஆர்டர் போடலாமா?", "நேத்து வாங்கினதுல பழைய படம் இருக்கே, டூப்ளிகேட்டா?"

இந்த நாலு கேள்விக்கும் பதிவிலேயே பதில் இருக்க வேண்டும். லோகோவின் பொருள் கடைசி வரியில் வந்தால் போதும். வராவிட்டாலும் குறையில்லை.

இதை அற்பமாக நினைக்க வேண்டாம். 2009 தொடக்கத்தில் அமெரிக்காவில் டிராபிகானா ஆரஞ்சு ஜூஸின் அட்டைப்பெட்டியை மாற்றினார்கள். உறிஞ்சுகுழல் குத்திய ஆரஞ்சுப் பழம் போய், கண்ணாடித் தம்ளரில் ஜூஸ் வந்தது. உள்ளே இருந்தது அதே ஜூஸ். ஆனால் அலமாரியில் தேடியவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை, ஏதோ மலிவு ரகம் என்று சிலர் நினைத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்து, பழைய பெட்டியே திரும்பி வந்தது. வெளித்தோற்றம் மாறினால் உள்ளே இருப்பதும் மாறிவிட்டதாகத்தான் ஜனம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

நம்மூர் அளவில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை. பெயரில் 'ஆயில் மில்' என்று வால் இருந்தது. இப்போது வெல்லமும் சிறுதானியமும் விற்பதால் வாலை வெட்டிவிட்டு, புது லோகோவோடு ஆகஸ்ட் 1 அன்று அறிவிக்கிறார்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"எங்கள் பெயர்ப்பலகையும் லோகோவும் மாறுகின்றன. எண்ணெயும் ஆட்களும் அப்படியே இருக்கிறோம்.
அதே உரிமையாளர், அதே இடம், அதே வாகை மரச்செக்கு. நல்லெண்ணெய்க்கு முன்போலவே பனங்கருப்பட்டி சேர்த்துதான் ஆட்டுகிறோம். புட்டி 1 லிட்டர்தான், விலை ஆகஸ்ட் 31 வரை மாறாது. ஆர்டருக்கு அதே வாட்ஸ்அப் எண்.
மாறுவது: புட்டியின் முன்பக்க லேபிள், கடைப் பலகை, இந்தப் பக்கத்தின் படம். பின்பக்கத்தில் தயாரிப்பாளர் என்று பழைய பெயரே இருக்கும், உரிம எண்ணும் அதேதான். பணம் அனுப்பும்போது திரையிலும் பழைய பெயர்தான் வரும், பயப்பட வேண்டாம்.
அக்டோபர் கடைசி வரை பழைய லேபிள் புட்டியும் கடைகளில் கிடைக்கும். இரண்டும் ஒரே எண்ணெய்."

முதல் இரண்டு வாக்கியத்தை ஏன் அப்படி வைத்தேன் என்றால், கைபேசியில் பதிவு மடிந்து ஒன்றிரண்டு வரிதான் தெரியும். 'மேலும்' என்பதைத் தட்டாதவர்கள்தான் அதிகம். "ஒரு புதிய பயணம் தொடங்குகிறது" என்று அந்த இடத்தை வீணாக்கினால், கடை கைமாறிவிட்டது என்றுதான் படிக்கிறவர் முடிவு கட்டுவார்.

அடுத்து, மாறாதவை எல்லாம் பார்த்து உறுதி செய்துகொள்ளக்கூடியவையாக இருக்க வேண்டும். "அதே தரம், அதே அன்பு" என்பதை யாராலும் சரிபார்க்க முடியாது. செக்கு, கருப்பட்டி, 1 லிட்டர், வாட்ஸ்அப் எண் இவற்றை எவரும் சரிபார்க்கலாம். விலைக்கு ஒரு கெடு தேதி போட்டதும் காரணத்தோடுதான். எள் விலை ஏறி இறங்கும். "விலை மாறாது" என்று மொட்டையாக எழுதிவிட்டு இரண்டு மாதத்தில் ஏற்றினால், அந்தப் பதிவையே படம் பிடித்துக் கருத்தில் ஒட்டுவார்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். புது லேபிளோடு சேர்த்துப் புட்டியையும் 900 மில்லியாக்கிவிட்டு, பதிவில் "எதுவும் மாறவில்லை" என்று போடுவது. லேபிளில் அளவு அச்சாகித்தான் இருக்கும், எவராவது ஒருவர் பார்த்துவிடுவார். அளவைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் அதை லோகோவோடு சேர்க்காமல் சில மாதம் தள்ளிச் செய்யுங்கள், அல்லது 'மாறுவது' என்ற வரியில் நேராக எழுதுங்கள். எள் வாங்கும் இடம் மாறியிருந்தால் "அதே சுவை" என்று எழுதவே கூடாது.

அக்டோபர் கடைசி என்ற தேதி குருட்டாம்போக்கில் வந்ததல்ல. கையில் 3,000 பழைய லேபிள் இருக்கிறது, ஒரு நாளைக்கு 50 புட்டி போகிறது என்றால் 60 நாளில் தீரும், அதாவது செப்டம்பர் முடிவு. அதற்குப் பிறகும் மற்ற கடைகளின் அலமாரியில் சரக்கு நிற்கும், அதற்கு ஒரு மாதம். இந்தக் கணக்கைப் போடாமல் "விரைவில் புதிய லேபிள்" என்று எழுதினால், ஒரே கடையில் இரண்டு விதப் புட்டியைப் பார்க்கிறவர் ஏதோ ஒன்று போலி என்று நினைப்பார். பழைய லேபிளைத் தூக்கிப் போடுங்கள் என்று சில ஆலோசகர்கள் சொல்வார்கள். அச்சுக்கூலியை அவர்களா கட்டுகிறார்கள்?

பணம் அனுப்பும்போது வரும் பெயரைப் பலர் மறந்தே போகிறார்கள். க்யூஆரை ஸ்கேன் செய்தால் திரையில் வருவது வங்கியில் பதிந்திருக்கும் பெயர். லோகோ மாறிய அன்றே அது மாறிவிடாது. புதுப் பெயரை நம்பி ஸ்கேன் செய்தவர் பழைய பெயரைப் பார்த்துத் தயங்கினால் அந்த ஆர்டர் அப்படியே நின்றுவிடும். முன்கூட்டியே ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. அதே எண் என்று சொல்வதில் இன்னொரு லாபமும் உண்டு: உங்கள் புது லோகோவை எடுத்துப் போலிப் பக்கம் தொடங்கி வேறு எண் கொடுக்கிறவன் அங்கேயே மாட்டிக்கொள்வான்.

பழைய லோகோவின் ஓரத்தில் ® இருந்தால் அதை அப்படியே நகலெடுத்துப் புது லோகோவில் ஒட்டாதீர்கள். பதிவானது பழைய உருவம். புதியதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், பதிவாகும் வரை ™ மட்டும் போடலாம். பதிவாகாததைப் பதிவானது என்று காட்டுவது 1999 வணிகச் சின்னச் சட்டத்தின் 107-ஆம் பிரிவின்படி குற்றம். டிசைனர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை.

படத்தைப் பொறுத்தவரை, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் ஒரு அம்புக்குறி. புதியதை மட்டும் போட்டால் அது யாருடைய கடை என்றே தெரியாது. முகப்புப் படம் சிறு வட்டமாக வெட்டப்படுவதால், லோகோவுக்குள் இருக்கும் பொடி எழுத்து வாட்ஸ்அப் பட்டியலில் தெரியாது. அங்கே உருவத்தை மட்டும் வையுங்கள்.

இன்ஸ்டாகிராமில் பயனர் பெயரை அறிவிப்பு நாளன்றே மாற்ற வேண்டாம். மாற்றினால் பழைய இணைப்புகள் வேலை செய்யாது. பில்லிலும் பையிலும் அச்சடித்த பெயரைத் தேடி வருகிறவருக்கு வெற்றுப் பக்கம்தான் கிடைக்கும். நீங்கள் விட்ட பெயரை வேறு ஒருவர் எடுத்துக்கொள்ளவும் முடியும். பழைய லேபிள் தீரும்வரை பழைய பயனர் பெயரிலேயே ஓட்டுங்கள். அறிவிப்பைப் பக்கத்தின் உச்சியில் பின் செய்து, அதையும் அக்டோபர் கடைசி வரை எடுக்காதீர்கள்.