பழைய பிரதியில் திருத்தும் புண்ணியவான்களே!

பலர் கைமாறும் ஓர் ஆவணத்தின் ஐந்தாம் திருத்தச் சுற்று ஓடும்போது ஒருவர் மட்டும் மெயிலில் கிடந்த மூன்றாம் பிரதியைத் திருத்தி அனுப்புவார். அதை அப்படியே ஏற்றால், நான்காம் சுற்றில் எல்லோரும் ஒப்புக்கொண்ட "45 நாள்" சத்தமில்லாமல் பழைய "30 நாள்" ஆகிவிடும். டிராக் சேஞ்சஸிலும் தெரியாது. அவர்தான் அந்த வரியைத் தொடவே இல்லையே!

வேர்டின் Compare-இல் அவர் அனுப்பியதை ஐந்தாம் பிரதியோடு ஒப்பிட்டால், அவர் திருத்தியதும் அவர் பார்க்காததும் கலந்து நிற்கும். மூன்றாம் பிரதியோடு ஒப்பிட்டால்தான் அவர் கைவைத்தது மட்டும் தனியே வரும். அந்த நாலு வரியை ஐந்தாம் பிரதியில் கையால் ஏற்றி, ஒப்புக்கொண்ட மாற்றங்களின் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகத் தேடிச் சரிபார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் அவர் வைத்த கோப்புப் பெயர்: `final_final.docx`. எந்தப் பிரதியிலிருந்து தொடங்கினார் என்பதை அதில் எங்கே தேட?