நிலா சுருங்கவில்லை, 450 தான் இடிக்கிறது

“சித்ரா பௌர்ணமிக்கு முக்கடல் சங்கமத்தில் எடுத்த படத்தில் நிலா 690 பிக்சல். 450 மிமீக்கு கணக்குப் போட்டால் 0.34 டிகிரிதான். வானில் நிலாவின் அகலம் அரை டிகிரி என்பதே கட்டுக்கதை.”

அண்ணாச்சி, பிக்சலை எண்ணியது சரி. ஆனால் உங்கள் லென்ஸில் எழுதியிருக்கும் குவியத் தூரம் 300 மிமீ. அதை 1.5ஆல் பெருக்கி வந்த 450 ஃபுல் ஃபிரேம் என்ற பெரிய சென்சாரோடு ஒப்பிட மட்டும்தான். சென்சாரில் விழும் பிம்பத்துக்கு அந்தப் பெருக்கல் தெரியாது.

உங்கள் சென்சார் அகலம் 23.5 மிமீ, 6000 பிக்சல். ஒரு பிக்சல் 3.9 மைக்ரான். 690 பிக்சலுக்கு 2.69 மிமீ. 300ஆல் வகுத்து, டிகிரியாக்க 57.3ஆல் பெருக்கினால் 0.51 டிகிரி. உங்கள் விடையைவிட சரியாக 1.5 மடங்கு!

கடலோரத்தில் நிலா நசுங்குகிறது என்று இன்னொருவர் சொன்னது பாதி சரி. உயரம்தான் குறையும், அதனால் குறுக்கே அளக்க வேண்டும். வாட்ஸப்பில் வந்த படத்தை அளந்த தம்பிக்கு: அதில் பிக்சலே குறைந்திருக்கும், ஒரிஜினலை எடுங்கள்.

அப்புறம், 300 என்று போட்ட ஜூம் உண்மையில் 290ஆகவும் இருக்கலாம். அதனால் அன்று சூப்பர் மூனா என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன்.