ஃபோட்டான்கள் ஒன்றையொன்று இழுப்பதில்லை

ஒளித்துகள்களான ஃபோட்டான்களைப் பற்றி ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: "பாதி ஒளியை விட்டு, பாதியைத் திருப்பும் கண்ணாடியில் இரண்டு ஃபோட்டான்கள் சந்தித்தால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஒரே பக்கம் போகும், புது விசை கண்டுபிடிச்சாச்சு!"

ஒரே பக்கம் போவது நிஜம்தான், விசை எதுவும் கிடையாது. கண்ணாடியின் இரு பக்கங்களிலிருந்தும் ஒவ்வொன்றாக வந்து சேரும் இவை ஆளுக்கொரு பக்கம் போக இரண்டே வழி: இரண்டும் ஊடுருவ வேண்டும், இல்லை இரண்டும் பிரதிபலிக்க வேண்டும். ஃபோட்டான்கள் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால் எது நடந்தது என்று பிரித்துச் சொல்லவே முடியாது, அப்போது அந்த இரண்டு வழிகளின் வீச்சுகளும், அதாவது நிகழ்தகவைக் கணக்கிட உதவும் குவாண்டம் எண்களும், எதிரெதிர்க் குறியோடு கூடிப் பூஜ்யமாகிவிடும். மிச்சம் சேர்ந்து போவதுதான். ஒன்றைத் தாமதப்படுத்திப் பாருங்கள், பழையபடி பாதித் தடவை பிரிந்தே போகும். 1987-இல் ஹாங், ஊ, மண்டல் மூவரும் பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் இதை அளந்து எழுதியிருக்கிறார்கள், சரிபார்க்கலாம். அந்த ஃபார்வர்டை இத்தோடு நிறுத்திவிடுங்கள்.