ஓடிஎஸ் கடிதத்தில் தேதியும் தள்ளுபடி வாசகமும்
“ஓடிஎஸ் கடிதம் கைக்கு வந்துட்டா போதும், அந்தத் தொகையைக் கொஞ்சம் முன்னே பின்னே கட்டினாலும் கடன் முடிஞ்சுது.”

பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டி கடனை முடித்துக்கொள்ள வங்கி தரும் சலுகைதான் ஓடிஎஸ்; அதைப் பற்றிப் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். இல்லைங்க, இதை நம்பி யாரும் தேதியைத் தவற விட்டுவிடாதீர்கள். கடலூரில் என் மச்சானுக்கு 2,84,000 ரூபாய் தனிநபர் கடன் பாக்கி. 1,20,000 கட்டினால் போதும், 40,000 வீதம் மூன்று தவணை என்று கடிதம் வந்தது. கடைசித் தவணைக்குக் கெடு ஜூன் 30. அன்று மாலைதான் செக் போட்டார், பணம் வரவானது ஜூலை 2. கடிதத்தின் அடியில், தவறினால் சலுகை ரத்து, கட்டியது பழைய பாக்கியில் கழிக்கப்படும் என்று இருந்தது. இப்போது 1,64,000 மீதி, அதற்கு மேல் வட்டி என்கிறார்கள். மேல்முறையீடு கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை.

பாக்கி இல்லை என்று வங்கி தரும் நோ டியூ சான்றிதழைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வது பாதி சரி. சான்றிதழ் கடைசியில்தான் வரும். ஆனால் அதைத் தருவோம், கணக்கை மூடுவோம் என்ற உறுதி பணம் கட்டும் முன்பே கடிதத்தில் வேண்டும். மீதி அசல், வட்டி, அபராதம் மூன்றும் தள்ளுபடி என்று தனித்தனியாக இருக்கிறதா, கடன் கணக்கு எண் சரியா என்றும் பாருங்கள். ‘வட்டி தள்ளுபடி’ என்று மட்டும் இருந்தால், திருத்திய கடிதம் கேளுங்கள்.



அப்புறம், எல்லாம் ஒழுங்காக முடிந்தாலும் நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘Closed’ வராது, குறைத்துக் கட்டி முடித்தது என்ற பொருளில் ‘Settled’ என்றுதான் வரும்.