குமிழிப் படத்தில் ஆரமா, பரப்பா?

"குமிழிப் படத்தில் ஒவ்வொரு மதிப்பையும் ஒரு வட்டத்தின் அளவால் காட்டுகிறோம். மதிப்பு இரண்டு மடங்கானால் ஆரத்தையும் இரண்டு மடங்காக்கினால் என்ன தப்பு?"

வட்டத்தின் பரப்பு நான்கு மடங்காகிவிடும். நம் கண் ஒப்பிடுவது பெரும்பாலும் பரப்பைத்தான். 2011 ஜனவரியில் ஒபாமா அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசியபோது வெள்ளை மாளிகை காட்டிய படத்திலேயே இந்தத் தவறு இருந்தது. அதன்படி அப்போதைய அமெரிக்கப் பொருளாதாரம் 14.6 ட்ரில்லியன் டாலர், சீனாவுடையது 5.7. சுமார் இரண்டரை மடங்குதான் வித்தியாசம். ஆனால் ஆரத்தை அந்த விகிதத்தில் வரைந்ததால் அமெரிக்க வட்டம் ஆறரை மடங்கு பெரிதாகிவிட்டது. எவ்வளவு பெரிய மிகை!

சரி, எப்படி வரைவது? ஆரத்தை மதிப்பின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வையுங்கள். சீனாவுக்கு 25 மி.மீ. என்றால் அமெரிக்காவுக்கு 40 போதும். எக்செலில் வரைபவர்கள் `Area of bubbles` தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். `Width of bubbles` என்றிருந்தால் இதே கோளாறு வரும்.