லிங்க்கைத் திறக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்

இப்போதெல்லாம் இன்டர்வியூவுக்கு முன்பே பெர்சனாலிட்டி டெஸ்ட் என்று ஒரு லிங்க் அனுப்புகிறார்கள். 'இதில் சரி, தவறு கிடையாது' என்று மேலே எழுதியிருக்கும். ஆனால் மதிப்பெண் உண்டு. அது எங்கே போகிறது என்று கேட்கவே நம் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

தங்கச்சிமடத்தில் இருக்கும் என் அக்கா மகள் பி.காம். முடித்தவள். சென்னையில் ஒரு கஸ்டமர் சப்போர்ட் வேலைக்கு விண்ணப்பித்தாள், லிங்க் வந்தது. "கேட்டா திமிர் பிடிச்சவன்னு நெனைச்சுருவாங்களோ மாமா?" என்றாள். கேள் என்றேன். பணிவாக மெயில் எழுதினாள். ரிசல்ட் எனக்கும் கிடைக்குமா? இதற்கு கட்-ஆஃப் உண்டா, இல்லை இன்டர்வியூவில் பேசுவதற்கு மட்டுமா? யாரோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவீர்கள்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். பெரும்பாலும் ரிப்போர்ட்டில் வருவது பர்சன்டைல். துணிந்து பேசுவதில் 30 என்றால், நூறில் முப்பது மார்க் என்று அர்த்தம் இல்லை. ஒப்பிடும் குழுவில் ஏறக்குறைய 30 சதவீதம் பேரைவிட மேலே என்று அர்த்தம். அந்தக் குழு பத்து வருட அனுபவமுள்ள மேனேஜர்கள் என்றால், புதிதாகப் படித்து வந்த பெண்ணுக்கு 30 வருவதில் வியப்பில்லை. அதே பதில்களைப் புதுப் பட்டதாரிகளோடு வைத்தால் 55-கூட வரலாம். பிள்ளை மாறவில்லை, குழுதான் மாறியது.

தமிழ் வழியில் படித்தவர்கள் மொழியையும் கேட்க வேண்டும். இத்தகைய கேள்விகளில் இரட்டை எதிர்மறை அடிக்கடி வரும். 'நான் சண்டையைத் தவிர்ப்பது அரிது' என்பதை ஆங்கிலத்தில் அவசரமாகப் படித்தால் நேர்மாறாக டிக் அடித்துவிடுவோம். அது குணமாகப் பதிவாகிவிடும். தமிழில் டெஸ்ட் உண்டா, நேரக் கட்டுப்பாடு உண்டா என்று கேட்பதில் தவறே இல்லை.

மறுநாள் பதில் வந்தது. கட்-ஆஃப் இல்லை, ஒப்பீடு புதுப் பட்டதாரிகளோடு, கேண்டிடேட் ரிப்போர்ட் அனுப்புவோம். பல டெஸ்ட்களில் நிறுவனத்துக்கு ஒன்று, எழுதியவருக்கு எளிமையாக ஒன்று என இரண்டு ரிப்போர்ட் உண்டு. 'ரிசல்ட்' என்று பொதுவாகக் கேட்பதைவிட அந்த இரண்டாவதைக் 'கேண்டிடேட் ரிப்போர்ட்' என்று பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் கேட்டுத் தரவு வாங்கினால் எதற்கு என்று சொல்ல வேண்டும் என்கிறது. அது படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. அதைக் காட்டி எச்.ஆரிடம் சண்டை போட வேண்டாம். 'ரிசல்ட்டைப் பகிர மாட்டோம்' என்றால்கூட, எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்ற கேள்வியை விடாதீர்கள். அதற்கும் பதில் இல்லை என்றால், கட்-ஆஃப் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேறு இரண்டு இடங்களுக்கும் விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

அவள் ரிப்போர்ட்டில் 'தனியாக முடிவெடுப்பது' குறைவாக வந்திருந்தது. இன்டர்வியூவில் அதையேதான் கேட்டார்கள். அப்பாவின் படகுக்கு டீசல், ஐஸ் கணக்கைத் தானே பார்த்து, எவ்வளவு வாங்குவது என்று முடிவு செய்வதைச் சொன்னாள். ரிப்போர்ட் முன்பே கையில் இருந்ததால்தான் அந்தப் பதில் தயாராக இருந்தது.